பட்டா, புலப்படம், கிரயப் பத்திரம்: மூன்றிலும் பெயரும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது எப்படி?

நிலம் வாங்கப் போகிறவர் கையில் விற்பவர் கொடுப்பது பெரும்பாலும் மூன்று தாள்கள்: ஒரு கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ், ஒரு பட்டா நகல், ஒரு புலப்படம். புலப்படத்தை எஃப்.எம்.பி. என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்காவது ஓரிடத்தில் உதைக்கும். பத்திரத்தில் 40 செண்ட் என்றிருக்கும், பட்டாவில் 38 சொச்சம் வரும். பத்திரத்தில் கோவிந்தசாமி என்றிருக்கும், பட்டாவில் கோவிந்தன் என்றிருக்கும். இதைப் பார்த்ததும் பயந்து ஒதுங்குவதும் தவறு, "எல்லா ஊரிலும் இப்படித்தான்" என்று தள்ளிவிடுவதும் தவறு. வித்தியாசம் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று கண்டுபிடித்தால், அது எழுத்துப் பிழையா, நிலமே குறைவா, வேறொருவர் நிலமா என்பது தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டின் ஊரகப் பகுதி ரயத்துவாரி நிலத்துக்கானது, அதாவது தனியார் பட்டாவில் உள்ள நிலத்துக்கானது. நத்தம் மனைக்கும் நகர சர்வேக்கும் தாள்கள் வேறு, அலகும் வேறு. அங்கே பரப்பு சதுர மீட்டரில் வரும், நகரத்தில் புல எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் இருக்கும். பார்க்கும் முறை ஒன்றுதான்.

கடைசிவரை ஓர் உதாரணத்தையே பிடித்துக்கொண்டு போகலாம். பெயர்களும் எண்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. முருகேசன் என்பவர் 1998-இல் புல எண் 112/3-இல் மேல்புறம், அதாவது மேற்குப் பக்கம், 40 செண்ட் வாங்கினார். இப்போது அதை விற்கிறார். இன்றைய பட்டாவில் அது 112/3B, பரப்பு 0 - 15.50.

முதலில் தாள்களை நீங்களே எடுங்கள்

விற்பவர் தந்த நகலை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்பதற்காக அல்ல, அது ஐந்து வருடத்துக்கு முன் எடுத்ததாக இருக்கலாம் என்பதற்காக. eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் தேர்ந்தெடுத்துப் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் இறக்கிக்கொள்ளலாம். அ-பதிவேடு என்பது கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகை, பரப்பு, உரிமையாளர் பெயர் எழுதிய பதிவேடு. தேடும்போது பட்டா எண்ணைப் போடாமல் புல எண்ணையும் உட்பிரிவையும் போட்டுத் தேடுங்கள். பட்டா எண் ஒருவரின் கணக்கு எண் மாதிரி: அதே கிராமத்தில் அவருக்கு இருக்கும் பல நிலங்கள் ஒரே எண்ணில் அடங்கும், கைமாறும்போது எண்ணும் மாறும். புல எண் நிலத்தோடு ஒட்டியது. பழைய பத்திரத்தில் இருக்கும் பட்டா எண்ணைப் போட்டால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் நிலம் திரையில் வருவது சகஜம்.

வருவாய் கிராமம் என்பதையும் கவனியுங்கள். நாம் வாயில் சொல்லும் ஊர்ப் பெயரும் வருவாய் கிராமத்தின் பெயரும் பல இடங்களில் வேறு. பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதியிருக்கும் வருவாய் கிராமப் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பத்திரத்துக்கு ஜெராக்ஸ் போதாது. வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்து, அந்தப் பத்திர எண்ணுக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு தாய்ப் பத்திரத்தின், அதாவது அதற்கு முந்தைய உரிமையாளரின் பத்திரத்தின், நகலும் வேண்டும். எதற்கு என்று பின்னால் தெரியும்.

எண்ணின் வம்சாவளி

பெயருக்கும் பரப்புக்கும் போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: பத்திரத்தில் இருக்கும் 112/3-உம் பட்டாவில் இருக்கும் 112/3B-உம் ஒரே மண்தானா?

முருகேசன் வாங்கியபோது 112/3 முழுதாக இருந்தது. பட்டா மாற்றத்துக்கு மனு போட்டதும் சர்வேயர் அதை அளந்து 3A, 3B என்று பிரித்திருக்கிறார். மேல்புறத் துண்டு 3B. இது இயல்பாக நடப்பது. ஆனால் துண்டுகளுக்கு எழுத்து வைத்ததில் எது கிழக்கு, எது மேற்கு என்பதைப் பட்டா சொல்லாது. புலப்படத்தைத் திறந்து 3B என்று எழுதிய கட்டம் உண்மையில் மேற்கில் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். கிழக்கே இருக்கும் துண்டுக்கு முருகேசன் பெயரில் பட்டா இருந்தால், பரப்பு கச்சிதமாக ஒத்துப்போனாலும் பத்திரமும் பட்டாவும் வெவ்வேறு நிலத்தைப் பேசுகின்றன என்று பொருள். இது நடக்கும். அனுபவிப்பது மேற்கு, பட்டா கிழக்கு என்று வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடக்கும், வங்கிக் கடனுக்குப் போகும் அன்றுதான் வெளியே வரும்.

இன்னும் பழைய பத்திரமானால் எண்ணே முழுதாக வேறாக இருக்கும். மறு நில அளவை நடந்த கிராமங்களில் பழைய சர்வே எண் போய்ப் புது எண் வந்திருக்கும். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று ஒரு கலம் உண்டு. அதில் பத்திரத்து எண் இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டுக்கும் பாலம் கிடைத்துவிடும்.

ஒரு சிக்கல் அடிக்கடி வரும். பட்டாவில் 3B இருக்கும், புலப்படத்தில் இன்னும் பிரிக்காத 3 மட்டுமே இருக்கும். உட்பிரிவு உத்தரவு ஏறியிருக்கிறது, படத்தில் கோடு ஏறவில்லை. அந்தப் படத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் அந்த உட்பிரிவுக்கான அளவுப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும், படத்தில் ஏற்றித் தரவும் விற்பவரை மனு போட வைக்க வேண்டும். அது முடியும்வரை முன்பணம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

பெயர்

பத்திரத்தில் வாங்கியவர் "கோவிந்தசாமி மகன் முருகேசன்". பட்டாவில் "கோவிந்தன் மகன் முருகேசன்". ஒரே ஆள் என்று சொல்லிவிடத் தோன்றும். ஒரே கிராமத்தில் கோவிந்தன் மகன் முருகேசன் இன்னொருவர் இருந்தால்?

இதற்கு விடை பட்டாவின் குறிப்புரை கலத்தில் இருக்கும். பட்டா மாற்ற உத்தரவின் எண்ணும் தேதியும் அங்கே வரும். அந்தத் தேதி பத்திரம் பதிவான தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பத்திரம் 1998, உத்தரவு 1999 என்றால் வரிசை சரி. உத்தரவு பத்திரத்துக்கு முந்தியது என்றால் இந்தப் பத்திரத்தின் பேரில் அந்தப் பெயர் ஏறவில்லை, வேறு எதோ காரணத்தால் ஏறியிருக்கிறது. அதைக் கிளற வேண்டும். கலம் காலியாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகாவிலும் அந்தப் பெயர் எந்த ஆவணத்தின் பேரில் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர்ப் பிழை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் மருந்து. பட்டாவில் தவறு என்றால் வட்டாட்சியரிடம் திருத்த மனு. பத்திரமும் அடையாளச் சான்றும் இணைத்தால் போதும். பத்திரத்திலேயே தவறு என்றால் பழைய விற்பவர் வந்து பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள். இது இழுக்கும் வேலை என்பதால் பலர் "இன்னாரும் இன்னாரும் ஒருவரே" என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். கோவிந்தன், கோவிந்தசாமி மாதிரியான பெயர்ச் சுருக்கத்துக்கு அது தாங்கும். விற்பவரின் சொந்தப் பெயரே மாறியிருந்தால் தாங்காது.

பெண்கள் பெயரில் இருக்கும் நிலத்தில் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். பத்திரத்தில் தகப்பனார் பெயரோடும் பட்டாவில் கணவர் பெயரோடும் இருப்பது பிழையே அல்ல, ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒரு சான்று கையில் இருக்க வேண்டும்.

கூட்டுப் பட்டா வேறு கதை. முருகேசன், செல்வராஜ் என்று இரண்டு பெயர் இருந்து, பத்திரம் முருகேசனுக்கு மட்டும் இருந்தால், செல்வராஜ் யார்? பட்டாவில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுவதில்லை. இரண்டு பெயர் இருப்பதால் பாதிப் பாதி என்று கணக்குப் போடக்கூடாது. உட்பிரிவு செய்யாமல் வாங்கியவர் பெயரைப் பழைய உரிமையாளர் பெயரோடு சேர்த்துவிட்டிருக்கலாம். அண்ணன் தம்பிக்கு வேறு புல எண்கள் பொதுவில் இருந்து, இந்த நிலமும் அதே கணக்கில் சேர்ந்திருக்கலாம். எந்த வகை என்று தெரியும் வழி அந்த இரண்டாவது பெயருக்கான ஆவணத்தைக் கேட்பதுதான். விடை கிடைக்காவிட்டால் செல்வராஜும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விற்பவர் தன் பெயருக்குத் தனிப்பட்டா வாங்கிய பிறகு பதிவுக்குப் போக வேண்டும்.

பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயரே இருந்தால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கணக்கில் வருவார்கள். கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட.

பரப்பு: முதலில் அலகை ஒன்றாக்குங்கள்

0 - 15.50 என்பதில் முதல் எண் ஹெக்டேர், இரண்டாவது ஏர். 15.50 ஏர் என்றால் 1,550 சதுர மீட்டர். இதை 15½ செண்ட் என்று படித்துவிட்டு, "பத்திரத்தில் 40, பட்டாவில் 15" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. எதிர்த்திசையிலும் நடக்கும்: விற்பவர் 15½ ஏரை அரை ஏக்கர் என்று வாய்க்கணக்கில் ஏற்றிச் சொல்வார்.

ஏரை 2.471 ஆல் பெருக்கினால் செண்ட். 15.50 × 2.471 = 38.30 செண்ட். சதுர மீட்டரை 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி, அதாவது 16,684. பத்திரத்தின் 40 செண்ட் 17,424 சதுர அடி (ஒரு செண்ட் 435.6). வித்தியாசம் 1.70 செண்ட், 740 சதுர அடி. ஒரு சின்ன வீட்டு மனை அளவு.

இது கணக்கு முழுமையாக்கியதால் வந்த வித்தியாசமா? பழைய பதிவுகளில் ஏர் .00 அல்லது .50 என்று முடிவதை நிறையப் பார்க்கலாம். அப்படி அரை ஏருக்கு முழுமையாக்கினால் அதிகபட்சம் கால் ஏர், அதாவது சுமார் 0.6 செண்ட் கூடக் குறைய வரலாம். அதற்குள் இருந்தால் விட்டுவிடலாம். 1.70 அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே காரணம் இருக்கிறது.

காரணத்தைத் தேட ஒரு படி மேலே ஏறுங்கள்

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். தங்கள் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது தாய் எண்ணை.

1974-ஆம் வருடத் தாய்ப் பத்திரம் 112/3 மொத்தம் 1 ஏக்கர் 20 செண்ட் என்கிறது. அதில் மேல்புறம் 40 முருகேசனுக்கு வந்தது, மீதி 80. இப்போது அ-பதிவேட்டில் 3A 31.00 ஏர், 3B 15.50 ஏர். கூட்டினால் 46.50. அது 114.90 செண்ட்தான். ஆக, தாய் நிலமே 120-க்குப் பதில் ஏறத்தாழ 115. ஐந்து செண்ட் குறைவு.

இப்போது பங்கு போட்டுப் பாருங்கள். 120-இல் 40 என்பது மூன்றில் ஒன்று. 46.50-இல் மூன்றில் ஒன்று சரியாக 15.50. சர்வேயர் இருந்த நிலத்தை விகிதப்படி பிரித்திருக்கிறார். பக்கத்து 3A-காரர் எதையும் தள்ளிக்கொள்ளவில்லை. அவருக்கும் அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது.

கணக்கு வேறு மாதிரி வந்திருந்தால் முடிவும் வேறு. 3A-வுக்கு 80 செண்ட் முழுதாக (32.37 ஏர்) கொடுத்துவிட்டு மொத்தக் குறைவையும் 3B-இன் தலையில் கட்டியிருந்தால் அது உட்பிரிவில் நடந்த தவறு. தாய் எண் 120 செண்டாகவே இருந்து 3B மட்டும் குறைந்திருந்தால் 3A-வில் கூடுதலாக ஏறியிருக்கும். ஒரு உட்பிரிவின் குறைவு இன்னொன்றின் அதிகமாக எங்கோ இருக்கும், அல்லது தாய் நிலமே குறைவாக இருக்கும். மூன்றாவது வழி கிடையாது.

புலப்படத்தில் பரப்பைப் போட்டுப் பார்ப்பது

பட்டாவில் எழுதிய 15.50 சரியா என்பதைப் படத்தை வைத்து நீங்களே சோதிக்கலாம். ஸ்கேலும் கால்குலேட்டரும் போதும்.

படத்தின் மேலே அளவுத்திட்டம் எழுதியிருக்கும். நம் படம் 1:1000 என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஒரு செ.மீ. தரையில் 10 மீட்டர். அச்செடுக்கும்போது அச்சுப்பொறி பக்கத்துக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிடும், இதுதான் முதல் பொறி. நூறு சதவீத அளவில் அச்செடுங்கள். எடுத்த பிறகும், எண் எழுதியிருக்கும் ஒரு கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3B-இன் வடக்குக் கோட்டின் மேல் 31.9 என்று எழுதியிருந்தால் தாளில் அது 3.2 செ.மீ. வர வேண்டும். 3.0 வந்தால் தாள் சுருங்கியிருக்கிறது, ஸ்கேலில் எடுக்கும் மற்ற எல்லா அளவையும் அதே விகிதத்தில் பெருக்க வேண்டும்.

3B-இன் நான்கு பக்கம்: வடக்கு 31.9, கிழக்கு 48.8, தெற்கு 31.9, மேற்கு 49.4 மீட்டர். சராசரி நீளத்தைச் சராசரி அகலத்தால் பெருக்கினால் 49.1 × 31.9 = 1,566 சதுர மீட்டர். பட்டாவை விட 16 அதிகம். காரணம், மூலைகள் செங்கோணமாக இல்லாமல் நிலம் சாய்ந்த வடிவம். சாய்ந்த நிலத்தில் பக்கங்களைப் பெருக்கினால் எப்போதும் அதிகமாகத்தான் காட்டும்.

சரியான வழி மூலைவிட்டம். வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு ஒரு கோடு போடுங்கள். தாளில் 6.2 செ.மீ., ஆக 62 மீட்டர். அந்தக் கோட்டிலிருந்து மற்ற இரண்டு மூலைகளுக்கும் நேர்குத்தாக அளந்தால் இரண்டும் 2.5 செ.மீ., அதாவது 25 மீட்டர். இரண்டையும் கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும்:

```
62 × (25 + 25) ÷ 2 = 1550 ச.மீ.
```

பட்டாவின் 15.50 ஏரோடு சரியாக ஒத்துப்போகிறது. ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் தவறினால் தரையில் அரை மீட்டர், அதனால் இந்தக் கணக்கு எப்போதும் இவ்வளவு கச்சிதமாக வராது. இந்த அளவு நிலத்தில் முப்பது நாற்பது சதுர மீட்டர் முன்பின் வந்தால் கவலை வேண்டாம். இருநூறு வந்தால் பட்டாவிலோ படத்திலோ தவறு இருக்கிறது.

கோடுகளின் மேல் எண்கள் 159, 243 என்று பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். அது பழைய படம், அளவு மீட்டரில் இல்லை, லிங்க்ஸில் இருக்கிறது. ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது சுமார் 20.1 செ.மீ. லிங்க்ஸை 0.2012 ஆல் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும்.

பத்திரத்தின் அடிக்கணக்கு

1998 பத்திரத்தில் சொத்து விவரம் இப்படி இருக்கிறது: "கிழமேல் வடபுறம் 105 அடி, தென்புறம் 105 அடி, தென்வடல் மேல்புறம் 166 அடி, கீழ்ப்புறம் 166 அடி, ஆக செண்ட் 40."

எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரு அடி கூட மாறாமல் இருப்பதே சந்தேகத்துக்கு இடம். விளைநிலம் அப்படிச் செவ்வகமாக அமைவது அரிது. பெருக்கிப் பாருங்கள்: 105 × 166 = 17,430. நாற்பது செண்ட் 17,424. ஆக, பெரும்பாலும் நிலத்தை அளந்து 40 செண்ட் வரவில்லை. 40 செண்ட் வர வேண்டும் என்று அளவு போட்டிருக்கிறார்கள். ஆவண எழுத்தரிடம் அகலம் 105 என்று சொல்லியிருப்பார்கள், நீளம் வகுத்து வந்தது.

புலப்படத்தோடு ஒப்பிட்டால் அகலம் சரி: 31.9 மீட்டர் என்பது 104.7 அடி. நீளம்தான் இடிக்கிறது. மேற்கு 49.4 மீட்டர் 162 அடி, கிழக்கு 48.8 மீட்டர் 160 அடி. நான்கு முதல் ஆறு அடி குறைவு. ஆக, குறைந்த 1.70 செண்ட் கிழமேலாகப் போகவில்லை, தென்வடலில்தான் போயிருக்கிறது. அதோடு சாய்வும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறது. வடக்கே பாதை, தெற்கே வாய்க்கால். இரண்டில் ஒன்று நிலத்துக்குள் ஏறியதா, அல்லது நிலம் எப்போதுமே இவ்வளவுதானா?

இதைத் தீர்க்க யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பழைய புலப்பட நகல் வேண்டும். பதிவேடுகளைப் புதுப்பித்து மெட்ரிக் அளவுக்கு மாற்றிய அந்தத் திட்டம் 1979-இல் தொடங்கி 1987-இல் முடிந்தது. 3B-இன் கிழக்குக் கோடு 1999-இல் வந்தது, பழைய படத்தில் இருக்காது. ஆனால் மேற்கு வரப்பு 112/3-இன் வெளி எல்லை, அது அங்கேயும் இருக்கும். அதன் நீளத்தைப் பாருங்கள். 166 அடி என்றால் 251 அல்லது 252 லிங்க்ஸ் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒரு காலத்தில் நிலம் அவ்வளவு நீளம், பிறகு குறைந்திருக்கிறது. 246 என்று இருந்தால் அது 49.5 மீட்டர், இன்றைய அளவேதான். அப்படியானால் நிலம் எங்கும் போகவில்லை. 1974-இலிருந்தே பத்திரத்தில் எழுதிய 1 ஏக்கர் 20 செண்ட் கூடுதல்.

நம் உதாரணத்தில் 246.

நான்கு எல்லை

பரப்பும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை தருகின்றன. ஆகவே சக்குபந்தியை, அதாவது பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லையை, மனப்பாடமாக ஒப்பிக்காமல் ஒவ்வொன்றாகப் படத்தில் வைத்துப் பாருங்கள்.

பத்திரம் சொல்வது: வடக்கே வண்டிப்பாதை, தெற்கே வாய்க்கால், மேற்கே சின்னப்பன் நிலம், கிழக்கே விற்பவரின் மீதி நிலம். புலப்படத்தில் 3B-ஐச் சுற்றி எழுதியிருப்பது: வடக்கே 110, தெற்கே 115, மேற்கே 112/2, கிழக்கே 112/3A. எண்கள் ஊமை. அவற்றைப் பேச வைப்பது அ-பதிவேடு. 110-ஐப் போட்டுப் பாருங்கள். அரசு நிலம், வண்டிப்பாதை புறம்போக்கு என்று வந்தால் பத்திரம் சொன்னது உண்மை. 115 வாய்க்கால் புறம்போக்கு என்று வர வேண்டும்.

110 ரயத்துவாரி பட்டா நிலமாக வந்தால் பரப்பு விவகாரத்தை விட அது பெரிய ஆபத்து. நீங்கள் பாதை என்று நினைத்தது வேறொருவரின் சொந்த நிலம். அவர் நாளைக்கு வேலி போட்டால் உங்கள் நிலத்துக்கு வழியில்லை. பரப்பில் ஒரு செண்ட் குறைந்ததை மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்த ஒரு பதிவைப் பார்க்காமல் விடுவதைத்தான் புரிந்துகொள்ள முடிவதில்லை.

மேற்கே 112/2-இன் பட்டாவில் இன்று சின்னப்பன் பெயர் இல்லாமல் வேறு பெயர் இருந்தால் அதற்கு வில்லங்கம் போட்டு, சின்னப்பனிடமிருந்து கைமாறியதா என்று பாருங்கள். கிழக்கே 3A-வில் 1998-இல் முருகேசனுக்கு விற்றவரோ, அவர் வாரிசோ, அவரிடம் வாங்கியவரோ இருக்க வேண்டும்.

வித்தியாசம் உறுதியானபின் பத்திரத்தில் என்ன எழுதுவது

முருகேசன் விஷயத்தில் முடிவு தெளிவு. மண் ஒன்றே, எல்லை சரி, பட்டாவும் படமும் ஒத்துப்போகின்றன, பத்திரத்தின் 40 மட்டும் மிகை. அவர் கையில் இருப்பது 38.30 செண்ட், விற்கக்கூடியதும் அவ்வளவுதான். பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதுப் பத்திரத்திலும் 40 என்று எழுதினால் இல்லாத 1.70 செண்டுக்கும் முத்திரைத் தீர்வை கட்டுவீர்கள், பட்டா மாற்றத்தில் கேள்வி வரும், அடுத்து வாங்குபவர் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். விலையும் 38.30-க்குப் பேச வேண்டும்.

சொத்து விவரத்தை இந்த மாதிரி எழுதச் சொல்லலாம்: "பழைய புல எண் 112/3, தற்போதைய உட்பிரிவுப்படி புல எண் 112/3B, ஹெக்டேர் 0.15.50, இதற்குச் செண்ட் 38.30. முந்தைய கிரயப் பத்திரத்தில் செண்ட் 40 என்று கண்டது, வருவாய்க் கணக்கின்படி மேற்படி அளவாக உள்ளது." அடிக்கணக்கு எழுதுவதானால் புலப்படத்தின் நான்கு அளவையும் மீட்டரிலேயே எழுதுங்கள். முழு உட்பிரிவையும் விற்கும்போது பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் விற்பவர் பெயரும் ஒன்றாக இருந்தால் பட்டா மாற்றம் சுலபமாக நடக்கும். கோவிந்தன், கோவிந்தசாமி குழப்பத்தைப் பதிவுக்கு முன்பே பட்டாவில் திருத்திக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

பழைய படத்தில் 251 லிங்க்ஸ் இருந்திருந்தால் பாதை வேறு. யு.டி.ஆர். காலத்தில் பரப்புத் தவறாக ஏறியதாகக் கருதினால் அதைத் திருத்த வருவாய்த் துறையிடம் மனு போட வேண்டும், மனு வழக்கமாக மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். உட்பிரிவில் தவறு என்றால் வட்டாட்சியரிடம் மனு, அவர் உத்தரவின் மேல் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. பக்கத்துக்காரர் எதிர்த்து உரிமை கேட்டால் வருவாய்த் துறை அதைத் தீர்க்காது, உரிமையியல் நீதிமன்றம்தான். பட்டா வருவாய்ப் பதிவு, அதுவே உரிமை ஆவணம் ஆகாது.

இந்த மனுக்கள் எதுவும் வாங்குபவர் போட வேண்டியவை அல்ல. விற்பவர் பெயரில், விற்பவர் செலவில், ஒப்பந்தத்தில் தேதி போட்டு நடக்க வேண்டும்.

கடைசியாகத் தரையில் ஒரு சோதனை. சர்வேயரை அழைத்து எல்லைக் கல் காட்டச் சொல்லி இணையத்திலோ இ-சேவை மையத்திலோ மனு போடலாம். அதற்கு முன் 30 மீட்டர் டேப் எடுத்துக்கொண்டு மேற்கு வரப்பை மட்டும் நீங்களே அளந்து பாருங்கள். டேப்பை இரண்டாக வைத்து 49½ மீட்டர் கிட்ட வர வேண்டும். 45 வந்தால் வாய்க்கால் கரையையோ பாதை ஓரத்தையோ யாரோ நிலத்துக்குள் நகர்த்தியிருக்கிறார்கள். 53 வந்தால் விற்பவரே புறம்போக்கில் உழுதுகொண்டிருக்கிறார், அந்த மூன்றரை மீட்டருக்கும் சேர்த்து உங்களிடம் விலை சொல்லியிருப்பார்.